மேல்வரிசைப் பற்கள்

"பாப்பாவ எங்கிட்ட குடுங்கக்கா."

அமிர்தத்தின் கையிலிருந்த இட்லித் துண்டு அப்படியே நின்றது. இடுப்பில் உட்கார்ந்திருந்த தமிழினி அதைத் தட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மேலுதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இரண்டு நாளாக எதை நீட்டினாலும் இதே கதைதான்.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று குழந்தையைப் பெற்ற சண்முகப்ரியாவிடம் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். புருஷன் ஆனந்தராஜ் குவைத்துக்குப் போன மாதம் குழந்தைக்கு ஆறு மாதம். சண்முகப்ரியாவுக்கு செராமிக் கம்பெனியில் மத்தியானம் இரண்டு மணி ஷிப்டு கிடைத்தது. ஆனந்தராஜின் அண்ணி அமிர்தத்துக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம், குழந்தை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து, குழந்தையை அமிர்தத்தின் மடியில் போட்டார்கள். அப்படி மடியில் போட்டு வளர்த்தால் அவளுக்கும் வயிற்றில் ஒன்று தங்கும் என்பது நம்பிக்கை. போட்டவள் வாய் திறந்து திருப்பிக் கேட்டால் அத்தோடு அமிர்தத்தின் வயிறு மூடிக்கொள்ளும். சண்முகப்ரியாவின் தாய் பாஞ்சாலையே மகளின் காதில் சொல்லிவிட்டுப் போனாள்: "உனக்கு இனிமேலும் பொறக்கும். குடு. குடுத்துட்டு கேக்காத."

கெமிஸ்ட்ரி படித்த சண்முகப்ரியா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மிதித்து என்ன பயன் என்று பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்கு?" என்றாள் அமிர்தம்.

"பல்லு டாக்டர்கிட்ட காட்டணும்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கோதண்டபாணி சிரித்தார். அமிர்தத்தின் புருஷன். "ஏம்மா, ரெண்டு வயசு முழுசா ஆவல. அதுக்குள்ள பல்லு செட்டு கட்டப் போறியா?"

"வீங்கியிருக்குது மாமா. பல்லு கறுத்துப் போச்சு."

"விழப் போற பல்லுதானே. விழுந்து மொளைச்சா சரியாப் போயிடும்."

சண்முகப்ரியா கையை நீட்டியபடியே நின்றாள். நீட்டிய கைக்குக் குழந்தை வரவில்லை. அமிர்தத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அமிர்தம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நானே தூக்கிட்டு வரேன். ஆட்டோ கூப்பிடு."

ஜங்ஷன் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே டாக்டர் பூங்கோதையின் கிளினிக். டாக்டர் குழந்தையை அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. இரண்டு ஸ்டூல்களை எதிரெதிராக இழுத்துப் போட்டார்.

"அம்மா யாரு? வந்து உக்காருங்க. என் முட்டியும் உங்க முட்டியும் இடிக்கணும். பாப்பா கால உங்க இடுப்பச் சுத்திப் போட்டுக்கோங்க, தலைய என் மடியில சாய்ச்சு விடுங்க. கை ரெண்டையும் நீங்க புடிச்சுக்கணும்."

சண்முகப்ரியா உட்கார்ந்தாள். தலை சாய்ந்ததும் தமிழினி வீறிட்டாள். அழுவதும் நல்லதுதான், வாய் தானாகத் திறக்கும் என்றார் டாக்டர். குழந்தையின் கண்கள் தலைக்கு மேலே தலைகீழாகத் தேடின. கைகளைப் பிடித்திருந்தவளை அவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அமிர்தத்தைப் பார்த்து, "ம்மா, ம்மா" என்று கத்தினாள்.

டாக்டர் ஒரு நொடி நிமிர்ந்தார். பிறகு விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க. மேல முன்னாடி நாலு பல்லு. நடுவுல ரெண்டும் பழுப்பாயி ஓரம் உடைஞ்சிருக்குது. பக்கத்துல ரெண்டுலயும் ஈறு ஓரமா வெள்ளைக் கோடு தெரியுதா? அது ஆரம்பம். கீழ் வரிசை பாருங்க, பளிச்சுனு இருக்குது. பாட்டில் வாயில வச்சிட்டே தூங்குனா இப்படித்தான் வரும். கீழ்ப்பல்ல நாக்கு மூடிக்கும். மேல்பல்லுலதான் பால் தேங்கும்."

வெள்ளைக் கோடு. மூன்று மாதம் முன்பே சண்முகப்ரியா அதைப் பார்த்திருக்கிறாள். பால் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் துடைத்தாள், போகவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். கம்பெனியில் அவள் வேலையே அதுதான். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளைக் குழல்விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேல்பூச்சு பிடிக்காமல் வெளிறிய இடம் ஒரு கடுகளவு இருந்தாலும் ஒதுக்கிவிடுவாள். எட்டு மணி நேரம் கட்டையைப் பார்க்கிற கண் பெற்ற பிள்ளையின் வாய்க்குள் குருடாகிப் போயிருக்கிறது.

"ராத்திரி எத்தன தடவ பாட்டில் குடுக்கறீங்க?" டாக்டர் அவளைத்தான் கேட்டார்.

சண்முகப்ரியா அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது பத்தரை. அமிர்தத்தின் அறைக் கதவு சாத்தியிருக்கும். தன் குழந்தை எத்தனை முறை விழிக்கும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும், எதுவும் அவளுக்குத் தெரியாது.

"சர்க்கரை போடுவீங்களா?"

"மூணு தடவ," என்றாள் அமிர்தம் கதவோரத்திலிருந்து. "சர்க்கரைன்னா சளி புடிக்கும்னு பனங்கற்கண்டு போட்டுத்தான் குடுக்கறேன். படுக்கும்போது ஒன்னு, நடுவுல ஒன்னு, விடிய ஒன்னு. வாயிலயே இருந்தாத்தான் தூங்கும்."

"பனங்கற்கண்டும் பல்லுக்குச் சர்க்கரைதான்மா. வெறும் பாலா இருந்தாலும் ராத்திரி பூரா வாயில இருந்தா கெடுதல்தான். தூங்கும்போது எச்சில் ஊறாது, கழுவிவிட ஆள் இல்ல." டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ராத்திரி யார்கிட்ட படுக்குது?"

"எங்கிட்ட," என்றாள் அமிர்தம்.

"அப்ப உங்களுக்குத்தான் சொல்லணும்."

சண்முகப்ரியா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் அவள் தலையைத் தாண்டி அமிர்தத்துக்குப் போனது. நடுப்பல் ஒன்றின் ஈறில் சீழ்க்கொப்புளம் வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற முடியாது, சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்க் குழந்தைப் பல் டாக்டரிடம் எடுத்துவிட வேண்டும். மற்றது உடைந்தவரை உடைந்ததுதான், அடைத்துப் பார்க்கலாம். வெள்ளைக் கோடு விழுந்த இரண்டையும் நிறுத்திவிடலாம், ஃப்ளோரைடு மருந்து பூசுகிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரணும். ஆனால் ராத்திரிப் பாட்டிலை நிறுத்தாமல் எதைப் பூசியும் பிரயோசனமில்லை.

"விழப் போற பல்லுதானேன்னு வூட்ல சொல்றாங்க," என்றாள் சண்முகப்ரியா.

"முன்பல்லு விழ ஆறு ஏழு வயசாவும். அதுவரைக்கும் எதால கடிக்கும்? இந்தச் சீழுக்கு மேலதான் அடுத்த பல்லு உக்காந்திருக்குது. அதையும் கெடுத்துடும்." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "மொதப் பல்லு மொளைச்ச ஆறு மாசத்துக்குள்ள, தள்ளிப் போனாலும் மொதப் பொறந்தநாளுக்குள்ள, ஒரு தடவ கூட்டிட்டு வந்திருக்கணும். வலிச்சாத்தான் வரணும்னு நெனைக்கறீங்க எல்லாரும்."

முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். சண்முகப்ரியாவுக்கு அன்றைக்கும் ஷிப்டு. ஃபோட்டோவில் அவள் இல்லை.

டாக்டர் சொன்ன முறை இது: பாட்டிலில் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்து, பிறகு வெறும் தண்ணீர். பகலில் டம்ளர். படுக்கும் முன் சின்ன பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும், அதற்கப்புறம் எதுவும் கூடாது. நாலைந்து ராத்திரி அழும், அசையக் கூடாது. பிள்ளையார் சத்தியம் என்று ஆட்டோவில் அமிர்தம் தன் தலையில் கை வைத்துச் சொன்னாள். தமிழினி அவள் தோளில் விக்கி விக்கித் தூங்கியிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை. பஞ்சுபோல் மெத்தென்ற வேட்டித் துணியை நனைத்து சண்முகப்ரியா குழந்தையின் ஈறைத் துடைத்தாள். துணியை மூக்கருகே கொண்டுபோனாள். பனங்கற்கண்டு வாசம்.

அமிர்தம் பாய் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாக்கா?"

"என்ன எத்தன நாளு?"

"ராத்திரி குடுத்தது."

அமிர்தம் பாயைச் சுவரில் சாத்தினாள். மறைக்கவில்லை. "மொத நாள்லேந்துதான். தண்ணி குடுத்தா துப்புது. தரையில உருண்டு உருண்டு அழுவுது, மூச்சே நின்னுடும்போல. உனக்கென்ன தெரியும் அது அழுவுறது? ஒரு ராத்திரி இருந்திருக்கியா நீ?"

அது உண்மை. அதனால்தான் சண்முகப்ரியாவுக்குக் கோபம் பொங்கியது.

"சீழு புடிச்சிருக்குது. டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே நின்னீங்க?"

"நின்னேன். உன்ன மாதிரி காலேஜ் பாஸ் பண்ணிட்டு நிக்கல. அழுதா எனக்குக் கை நிக்க மாட்டேங்குது, பிரியா. அவ்வளவுதான்."

தலையணையைத் தட்டி வைத்துவிட்டு அமிர்தம் மெதுவாகச் சொன்னாள், "அழவுட்டா அதுக்கு என்னப் புடிக்காமப் போயிடும். உனக்கு அந்தப் பயம் இல்ல. உன்ன அதுக்கு ஏற்கெனவே புடிக்காது."

அதையும் அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மத்தியானம் ஆனந்தராஜ் போன் செய்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அண்ணி மனசு நோவும். நான் வர்ற வரைக்கும் பொறுத்துக்க" என்றான். அவன் வர இன்னும் பதினாலு மாதம். அதற்குள் நாலு பல்லும் போய்விடும் என்றாள். பல்லுக்காகக் குடும்பத்தைப் பிரிக்காதே என்றான். சண்முகப்ரியா போனை வைத்தாள்.

அன்றைக்கு வேலைக்குப் போனதும் பேக்கிங்கில் இருக்கும் கொளஞ்சியிடம் பேசினாள். கொளஞ்சிக்குக் காலை ஷிப்டு பிடிக்காது, பெரியார் நகர்ப் பக்கம் அவள் வீட்டில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. "மாத்திக்கலாம்டி. நீ காலைல போ, நான் மத்தியானம் போறேன். ரெண்டு மணி வரைக்கும் பாப்பாவ நான் பாத்துக்கறேன், வேலைக்கு வரும்போது கம்பெனி கேட்டுல உன் கையில குடுத்துடறேன். ஆனா அழுதா பாட்டு பாடத் தெரியாது எனக்கு, திட்டத்தான் தெரியும்." சூப்பர்வைசர் ஒரு வாரம் இழுத்தார், கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் முழுக்க ராத்திரியில் அழத் தொடங்கிய குழந்தை அமிர்தத்தின் அறைக்குள் சீக்கிரமே அடங்கிப்போனது. ஏன் அடங்கியது என்று சண்முகப்ரியாவுக்குத் தெரியும். பாட்டில்தான்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் ஒரு பையில் குழந்தையின் துணிகளையும் இரண்டு டம்ளர்களையும் சின்ன பிரஷ்ஷையும் வைத்தாள். பாட்டில்கள் நான்கையும் அடுப்படி மேடையில் வரிசையாக விட்டுவிட்டாள்.

கோதண்டபாணி வாசலில் நின்றார். "ஏம்மா, இது ஞாயமா? அவ வயித்துல மண்ணப் போட்டுட்டுப் போறியே."

"வயித்துக்கு டாக்டர்கிட்ட போங்க மாமா. ரெண்டு பேரும் போங்க."

அவர் முகம் சுருங்கியது. குழந்தை இல்லாததற்குப் பத்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவரையும் சேர்த்துச் சொன்னதில்லை.

அமிர்தம் உள்ளேயிருந்து வரவில்லை. சண்முகப்ரியா அறைக்குள் போனாள். தமிழினியைத் தூளியிலிருந்து தூக்கும்போது அமிர்தம் தடுக்கவில்லை. தூளிக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாயங்காலம் பெரியார் நகர்ல கொளஞ்சி வீட்டுக்கு வந்து பாருங்கக்கா. எப்ப வேணா வாங்க. சிதம்பரம் வியாழக்கிழமை, பல்லு எடுக்கறப்ப நீங்களும் வரணும். உங்கள பாத்தாத்தான் கொஞ்சமாவது அடங்கும்."

அமிர்தம் தலையை ஆட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை.

வெளியே வெயில் ஏறியிருந்தது. படியைத் தாண்டியதுமே தமிழினி விழித்துக்கொண்டாள். யார் தோள் என்று பார்த்தாள். பிறகு உடம்பை வில்லாக வளைத்து, பின்னால் சாய்ந்து, வீட்டைப் பார்த்துக் கைநீட்டி, "ம்மா" என்று அலறத் தொடங்கினாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். சண்முகப்ரியா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குழந்தையின் தலை பின்னால் விழாமல் கையால் தாங்கி, ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.