தகவல் போய்ச் சேர்ந்த இடம்

டயர்க்கடைக்காரன் ஜாமீனில் வெளியே வந்து நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம் ஆன பிறகுதான், அவனிடம் அடிபட்ட பெண்ணுக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பது நீதிமன்றக் கட்டடத்தில் ஒருவருக்குத் தெரிந்தது. அந்த ஒருவர், தரைத்தளத்தில் பாதிக்கப்பட்டோர் உதவி அறையில் இருக்கும் தொடர்பு அலுவலர். அதைச் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

அவளுடைய வேலையைச் சொல்லிவிடலாம். வழக்கு எந்த மட்டில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு, குற்றம் சாட்டப்பட்டவன் உள்ளே இருக்கிறானா வெளியே வந்துவிட்டானா என்பதையெல்லாம் அடிபட்டவர்களுக்குத் தெரிவிப்பது. பெரும்பாலும் கணினியே தெரிவித்துவிடும். அவள் பச்சை நிறம் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

அன்று காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பெண். நான்கு மாதத்துக்கு முன் கடையைப் பூட்டும் நேரத்தில் டயர்க்கடைக்காரன் சக்கரம் கழற்றும் ஸ்பேனரால் அவளுடைய வலது கையை அடித்திருந்தான். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னதுதான் காரணம். மூன்று விரல்கள் முறிந்தன. இரண்டாவது அறுவைச் சிகிச்சையின் பில்லை யாரிடம் கொடுப்பது என்று கேட்கத்தான் அழைத்திருந்தாள்.

"உங்க பழைய நம்பர் என்ன ஆச்சு?" என்றாள் அலுவலர்.

"அது உங்ககிட்டதானே இருக்கு மேடம்."

"எங்ககிட்டயா?"

"போலீஸ் எடுத்துட்டுப் போனாங்க. அவன் மிரட்டி அனுப்பின மெசேஜெல்லாம் அதுலதானே இருக்கு."

அலுவலர் திரையைப் பார்த்தாள். ஜாமீன் மனு போடப்பட்டது; இன்ன தேதியில் விசாரணை, நீங்கள் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்; இன்ன நாளில் விடுவிக்கப்பட்டார். மூன்று தகவல்களும் பச்சையாக 'அனுப்பப்பட்டது' என்று நின்றன. உடனே கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, சாட்சிப் பொருள் அறைக்குப் போன் போட்டாள். அங்கே பொறுப்பில் இருப்பவரைக் கட்டடம் முழுக்க 'ரசீது' என்றுதான் அழைப்பார்கள். கையெழுத்து வாங்காமல் குண்டூசி கூடத் தரமாட்டார்.

"அந்த போனா? சீல் வச்ச கவர்ல, மூணாவது தட்டுல, அணைச்சு வச்சிருக்கேன். சமத்தா தூங்குது. ஏன்?"

"அதுக்குத்தான் மூணு தடவை தகவல் அனுப்பியிருக்கோம்."

ரசீது, "சாட்சிப் பொருளுக்கே சம்மன் மாதிரி சேதி சொன்ன ஆபீஸ் நம்மளோடதாத்தான் இருக்கும்மா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்னு எழுதித் தரட்டுமா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பேசியைக் கைப்பற்றியபோது புது எண்ணைக் கேட்க வேண்டும் என்பது காவலர்களுக்குத் தோன்றவில்லை. எண் இன்னும் அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறதா என்று கேட்பது அலுவலருக்குத் தோன்றவில்லை. அனுப்பிய தகவல் கிணற்றில் போட்ட கல்.

திரும்ப அழைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அவர் வெளியே வந்துட்டார். ஆறு நாளாகுது. எங்க தப்பு, உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"தெரியும்" என்றாள் லென்ஸ்காரி.

"யார் சொன்னாங்க?"

"காதுல விழுந்துச்சு."

அந்தப் பதில் எப்படி வந்ததென்று அலுவலர் பிறகு பலமுறை யோசித்தாள். பதற்றம் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது என்று யாரோ சொன்னால் 'பார்த்தேன்' என்போமே, அப்படி இருந்தது.

மறுநாள் லென்ஸ்காரி தன் அண்ணனோடு வந்தாள். கையில் உலோகத் தகடு வைத்த கட்டு. முப்பத்தொரு வயது. அண்ணன் அவளைப் 'பாப்பா' என்றார். அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். அவர் மோசமான ஆள் போல இல்லை. நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"நானும் அவனும் சேர்ந்துதான் மேடம் டயர்க்கடை நடத்தினோம். பாப்பா மேல கை வச்ச அன்னைக்கே அத்துக்கிட்டேன். அவன் நெழல் கூட எங்க வாசல்ல விழாது."

லென்ஸ்காரி தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதுகாப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று அலுவலர் விளக்கினாள். காவல்துறை ஆபத்தை மதிப்பிட்டு அறிக்கை தரும். நீதிபதி கதவை மூடிய தனி அறையில் விசாரித்து உத்தரவு போடுவார். அதுவரை ரோந்து வரும். ஜாமீன் விசாரணையில் இவள் பேச்சைக் கேட்காமல் விட்டதை அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்வார்.

"ரோந்து வரட்டும் மேடம். தெருவுல எனக்கும் கொஞ்சம் கெத்தா இருக்கும்" என்றார் அண்ணன். "ஆனா நான் ஒருத்தன் இருக்கும்போது போலீஸ் எதுக்கு? இவ சின்ன வயசுலேர்ந்தே தொட்டாச்சிணுங்கி."

"அண்ணே, போன் அடிக்குது" என்றாள் தங்கை.

அவர் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே போனார். கதவு சாத்தியதும் லென்ஸ்காரி முதன்முதலாக நிமிர்ந்தாள்.

"பில்லு விஷயம். அவன் ஒத்துக்கிட்டாத்தான் பணம் வருமா?"

"யாரு?"

"அவன்தான். கேஸைப் பேசி முடிச்சா அவனே ஆஸ்பத்திரி செலவெல்லாம் குடுத்துடுவானாம். இல்லைன்னா தீர்ப்பு வர்ற வரைக்கும் ஒரு பைசா பேராதாம்."

"அப்படி இல்ல. இழப்பீடு அரசு நிதியிலேர்ந்து வருது. அவருக்குத் தண்டனை ஆகணும்னு கூட இல்ல. மருத்துவச் செலவுக்கு இப்பவே இடைக்கால உதவி கேக்கலாம். வேலைக்குப் போக முடியாத நாளையும் சேர்த்துச் சொல்லலாம். முடிவு பண்றது சட்ட உதவிக் குழு. எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. சமாதானமாப் போகணும்னு யாரும் உங்களக் கட்டாயப்படுத்த முடியாது."

"வீடு?"

"என்ன வீடு?"

"வேற எங்கயாவது இருக்கணும்னா."

"தேவைன்னா தற்காலிகமா தங்க இடம் குடுப்பாங்க. விலாசம் வழக்குக் காகிதத்துல வராது. ஏன் கேக்கறீங்க?"

அண்ணன் உள்ளே வந்தார். லென்ஸ்காரி தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். ஊமை கண்ட கனவு போல அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. விண்ணப்பத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். குழந்தை எழுத்து.

நான்கு நாளில் காவல்துறையின் அறிக்கை வந்தது. பெண் ஆய்வாளர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் இருந்திருக்கிறார். கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பேசியது அண்ணன். ஆபத்து நடுத்தரம், பாதிக்கப்பட்டவர் குடும்பத்தின் அரவணைப்பில் இருக்கிறார், வாசலில் கேமரா வைக்கலாம், காலையும் மாலையும் ரோந்து போதும், அவசர அழைப்பு எண் அண்ணனிடம் தரப்பட்டது.

அலுவலர் அறிக்கையை இரண்டு முறை படித்தாள். தவறு என்று சொல்ல ஒரு வரி கூட இல்லை. ஆனால் லென்ஸ்காரி சொன்னதாகவும் ஒரு வரி இல்லை. ஆய்வாளருக்குப் போன் செய்து, "அவங்ககிட்ட தனியாப் பேசினீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"சொந்த அண்ணன் வீட்டுல என்னம்மா தனியா? அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. அண்ணன்காரர்தான் பாவம், உருகிப் போயிட்டார்."

விசாரணை, நீதிபதியின் அறையில் நடந்தது. வெளியே ஒரு நீள பெஞ்சு, சுவரில் ஓடாத கடிகாரம். அண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். கூப்பிட்டதும் அவரும் எழுந்தார்.

"துணைக்கு ஒருத்தர் உள்ள வரலாம்" என்றாள் அலுவலர். "அது யாருன்னு அவங்கதான் சொல்லணும்."

"இதுல கேக்க என்ன இருக்கு? நான்தான்."

"அவங்க சொல்லட்டும் சார்."

அலுவலர் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். அண்ணன் சிரித்துக்கொண்டே தங்கையைப் பார்த்தார். "சொல்லு பாப்பா. மேடத்துக்கு விதிமுறைன்னா விதிமுறை."

லென்ஸ்காரி அண்ணனைப் பார்க்கவில்லை. "மேடம் வரட்டும்" என்றாள்.

அண்ணன் சிரிப்பை எடுக்க மறந்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே நீதிபதி, அரசு வழக்கறிஞர், தட்டச்சர். கதவு சாத்தப்பட்டது. தகவல் போய்ச் சேராததை வழக்கறிஞர் சுருக்கமாகச் சொன்னார். நீதிபதி அலுவலரைப் பார்த்து, "இனிமே அனுப்பினதுக்கும் கெடைச்சதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு உங்க கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். அலுவலர் தலையசைத்தாள். பிறகு அவர் அறிக்கையைப் புரட்டினார்.

"அண்ணன் வீட்டு வாசல்ல கேமரா. ரெண்டு வேளை ரோந்து. அவசர எண் அண்ணன் கையில." பேனா மூடியைக் கழற்றினார். "போதும்னு நினைக்கறேன். வேற ஏதாவது?"

வழக்கறிஞர் இல்லை என்றார். பேனா காகிதத்தைத் தொட்டது.

"ஐயா" என்றாள் அலுவலர். எல்லோரும் திரும்பினார்கள். "இந்த அறிக்கைல இவங்க பேசினது ஒண்ணும் இல்ல. இதுவரைக்கும் யாரும் இவங்கள தனியா வச்சுக் கேக்கல. நானும் கேக்கல."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சரி. கேட்டுடுவோம்." நாற்காலியை லென்ஸ்காரி பக்கம் திருப்பினார். "இங்க பேசறது வெளியே போகாதும்மா. உத்தரவுல என்ன எழுதணுமோ அதை மட்டும் எழுதுவேன். அந்த வீட்டுல இந்தப் பாதுகாப்பு உங்களுக்குப் போதுமா?"

அவள் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். அவளுடைய இடது கை வலது கையின் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வேற இடம் குடுப்பாங்கன்னு மேடம் சொன்னாங்க" என்றாள் மெதுவாக. "நெசமா?"

"தேவைன்னு எனக்குத் தெரிஞ்சா, இன்னைக்கே" என்றார் நீதிபதி.

"எனக்கு ஆஸ்பத்திரிப் பணம் அவன்கிட்டேர்ந்து வர வேண்டியதில்லயே?"

"வேண்டியதில்ல."

தட்டச்சர் விரல்களை விசைகளின் மேல் வைத்துக் காத்திருந்தார். லென்ஸ்காரி, கடையில் அளவு சொல்வது போன்ற குரலில், யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னாள்.

"அவன் வெளிய வந்த மறுநாளே எங்க வீட்டுக்கு வந்தான் ஐயா. கூடத்துல உக்காந்து என்கூடப் பேசணும்னான். கூட்டிட்டு வந்து கதவைத் திறந்துவிட்டது எங்க அண்ணன்."