கடைசி வாய்ப்பு, கணிதம் மூன்று

கணிதம் மூன்றில் நான் ஏழு முறை தோற்றிருக்கிறேன். இன்ஜினியரிங்கின் மற்ற பாடங்கள் எல்லாம் என்றைக்கோ முடிந்துவிட்டன. இந்த ஒன்று மட்டும் உடும்பாகப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக விடவில்லை. நடுவில் கல்யாணம் ஆயிற்று, மீனு பிறந்தாள், பூனாவில் ஔந்துப் பக்கம் வீடு வாங்கினோம். ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையிலேயே எட்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்கு வேலை கற்றுக்கொடுக்கத் தெரியும், நிரந்தர ஊழியர்களுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் என்னை நிரந்தரமாக்கப் பட்டம் வேண்டும் என்றார்கள். ஜூலைக்குள் காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் ஒப்பந்தம் அதோடு சரி.

அந்த நேரம் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை வந்தது. பாடத்திட்டம் மாறி வருஷங்கள் ஆகிவிட்டன, பழைய பேட்டர்ன் மாணவர்களுக்கு இன்னும் இரண்டே தேர்வுகள், அதற்குப் பிறகு கிடையாது. தவறவிட்டால் புதிய பாடத்திட்டத்துக்கு மாற வேண்டும், சமமான பாடம் இல்லாத தாள்களை எல்லாம் புதிதாக எழுத வேண்டும். என் கணக்குக்கு அது ஒன்பது தாள். முதல் வாய்ப்பில் முப்பத்தாறு வாங்கினேன். பாஸ் ஆக நாற்பது வேண்டும்.

மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு. பூனாவின் புத்தகக் கடைத்தெருவான அப்பா பல்வந்த் சௌக்கில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய பேட்டர்ன் கைடு எல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டது என்று சிரித்தார்கள். கடைசியில் ஒருவர் பரணிலிருந்து அட்டை இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஐந்து மாதம் விடியற்காலையில் எழுந்து அதைக் கரைத்துக் குடித்தேன். என் கணவர் முரளி கோயம்புத்தூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். காலையில் டிபன் பாக்ஸ் கட்டுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

தேர்வன்று மையத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். எனக்கு முன் பெஞ்சில் மட்டும் காதோரம் நரைத்த ஒருவர். பெயர் இர்பான், தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வெளியே நிற்கும்போதே பேசிக்கொண்டோம், அவரும் பழைய பேட்டர்ன், அவருக்கும் இதுதான் கடைசி.

பத்து மணிக்கு வினாத்தாள் வந்தது. முதல் கேள்வியைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. லாப்லாஸ், அதுவும் குழந்தைக் கணக்கு. பேனாவைத் திறந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பழைய பேட்டர்னில் இரண்டு பகுதிகள், இரண்டுக்கும் தனித்தனி விடைத்தாள் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று. தாளின் தலைப்பைப் பார்த்தேன். மொத்த மதிப்பெண் எழுபது, நேரம் இரண்டரை மணி. என்னுடையது நூறு மதிப்பெண், மூன்று மணி. பாடத்தின் பெயர் அதே கணிதம் மூன்று. ஹால் டிக்கெட்டில் இருந்த பாடக் குறியீடு வேறு, தாளில் இருந்தது வேறு.

பேனாவை மூடிவிட்டுக் கையைத் தூக்கினேன். கண்காணிப்பாளராக இருந்த சின்னப் பெண் ஹால் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர் ஒன்றுதானே, உட்கார்ந்து எழுதுங்கள் என்று மராத்தியில் சொன்னாள். மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். முன் பெஞ்சு இர்பானிடமும் குறியீட்டைப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் திரும்பாமலே, தாள் சுலபமாக இருக்கிறது, கவனத்தைக் கலைக்காதீர்கள் அக்கா என்று மராத்தியில் சொன்னார். அதற்குள் இரண்டு பக்கம் எழுதிவிட்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கே கை அரித்தது.

பத்தே கால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. என்னைச் சுற்றி எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வெற்றுத்தாள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எழுதினாலும் தப்பான தாளுக்கு விடை கொடுத்ததாக ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை.

கடைசியில் தேர்வு அதிகாரியே வந்தார். பெயர் வெங்கடேஸ்வரன். ஹால் டிக்கெட்டில் என் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தமிழுக்குத் தாவினார்.

"ஏம்மா, நம்ம ஊர்ப் பொண்ணா? இதோ பாரு, பழைய பேட்டர்ன் தாளை யுனிவர்சிட்டி சைட்டுல தனியா லாகின் பண்ணி பிரிண்ட் எடுக்கணும். ரெண்டு பேருக்காக யாரும் கவனிக்கல, விட்டுப்போச்சு. நீ இதையே எழுதிடு. நான் யுனிவர்சிட்டில பேசிக்கறேன், ஒண்ணும் ஆகாது."

தாய்மொழியில் கெஞ்சினால் இளகிவிடுவேன் என்று நினைத்திருப்பார். கொஞ்சம் இளகவும்தான் செய்தேன். பூனாவில் பிறந்து வளர்ந்தவள் நான், வெளியில் இவ்வளவு அன்பாக யாரும் என்னிடம் தமிழ் பேசுவதில்லை. ஆனால் இவர் பேசிக்கொள்வார் என்று நம்பி வெளியே போனால், ரிசல்ட் வரும் நாளில் இவர் எந்த ஊரில் இருப்பாரோ.

"சரி சார், எழுதறேன். ஆனா ஒண்ணு. புது பேட்டர்ன் தாளைப் பழைய பேட்டர்ன் மாணவிக்குக் கொடுத்தோம், அதுவே செல்லும்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது, அதை எடுக்கவில்லை. அதெல்லாம் தன் அதிகாரத்தில் இல்லை என்றார்.

"உங்க அதிகாரத்துல இல்லாததை நான் எப்படி சார் எழுதறது?"

முன் பெஞ்சு இர்பானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையெழுத்து என்றால் அதிகாரி பின்வாங்குவதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டாம். அதற்குள் ஆறு பக்கம் எழுதியிருந்தவர் ஒரு நிமிஷம் தாளையே பார்த்தார். பிறகு குறுக்கே கோடு அடித்தார், பேனாவைக் கீழே வைத்தார், கையைக் கட்டிக்கொண்டார். வெங்கடேஸ்வரன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

பத்து ஐம்பதுக்குத் தாள் வந்தது, அச்சு ஈரம்கூடக் காயவில்லை. குறியீட்டை இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டு விடைத்தாள்கள் கொடுத்தார்கள். எங்களுக்குப் பத்து ஐம்பதிலிருந்து முழுசாக மூன்று மணி நேரம் என்று வெங்கடேஸ்வரன் பதிவேட்டில் எழுதினார். இந்த முறை கேட்காமலே கையெழுத்தும் போட்டார்.

தாள் கடினம். சுலபமான லாப்லாஸ் எல்லாம் போய், முதல் கேள்வியிலேயே முட்டுச்சந்து. ஒரு கணம் என்னை நானே திட்டிக்கொண்டேன், கையில் கிடைத்த வெண்ணெயைத் தூக்கிப் போட்டவள் நான்தான். திட்டி முடித்துவிட்டுத் தெரிந்த கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். காலி ஹாலில் நானும் இர்பானும், எதிரே பசியோடு வெங்கடேஸ்வரனும். ஒன்றரைக்கு அவர் மெதுவாக, போதும்னா கொடுத்துடலாமே என்றார். எழுதியதை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டுக்குத்தான் நம்பிக்கை இருந்தது. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு சார் என்று சொல்லிவிட்டு ஒரு வெக்டர் கணக்கைப் பிடித்தேன். அவர் தாளைக் கையிலிருந்து உருவும்வரை எழுதினேன்.

ஜூன் கடைசியில் ரிசல்ட் வந்தது. இர்பான் நாற்பத்தேழு, நான் நாற்பத்திரண்டு. முரளியிடம் போனில் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நிரந்தர வேலைக்கான கம்பெனிப் படிவத்தை நிரப்பி அனுப்பிய மறுநாள் எச்.ஆரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். கல்லூரியில் சேர்ந்த வருஷத்தையும் பாஸான வருஷத்தையும் பார்த்தால் பொருந்தவில்லை, டைப் செய்யும்போது தவறிவிட்டது போலிருக்கிறது, திருத்தி அனுப்புங்கள் என்றாள். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே உதவி செய்கிறாள். ஒரு காலத்தில், எந்த வருஷம் பாஸ் என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன்.

ஆபீசில் சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. தப்பு ஒன்றும் இல்லை, இந்த வருஷம்தான் பாஸ் செய்தேன், அப்படியே இருக்கட்டும் என்றேன்.