தேதி முடிந்த அட்டை

“புது அட்டை வர்ற வரைக்கும் யார் மேலயும் கை வைக்காதீங்க. சொல்லிட்டேன்.”

“வயித்து வலின்னு ஒருத்தன் வந்து நின்னா?”

“என்கிட்ட அனுப்புங்க.”

“உன்கிட்ட வந்தா தலைவலியும் சேர்ந்துக்குமே.”

காலைப் பரபரப்பில், டிபன் பெட்டியை மூடிக்கொண்டே அவள் கணவர் சொன்னது அது. அவளும் சிரித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்பதால், அந்தப் பேச்சு ஒரு சொல்கூடத் தேயாமல் அவளுக்குள் கிடக்கிறது.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையும் ஓட்டல் துண்டுகளையும் மூட்டை மூட்டையாகத் துவைத்துத் தரும் பெரிய சலவை ஆலை. அவள் அலுவலகத்தில் பயிற்சி, பாதுகாப்புப் பிரிவைப் பார்த்தாள். அவர் இஸ்திரிப் பிரிவின் மேற்பார்வையாளர். அந்த ஷிப்டின் முதலுதவியாளரும் அவர்தான். சூடான இஸ்திரி உருளையில் கை சுட்டுக்கொண்டவர்களெல்லாம் அவரிடம்தான் ஓடி வருவார்கள். ‘டாக்டர்’ என்றே பட்டப்பெயர்.

அங்கே முதலுதவிச் சான்றிதழ் அட்டை மூன்று வருஷம் செல்லும். ஆனால் இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி மீட்கும் பயிற்சியை மட்டும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கை சீக்கிரம் மறந்துவிடும் என்பதால். அந்த வருஷத்துப் புதுப்பித்தலுக்கு அவள் இணையத்தில் ஒரு நிறுவனத்தைப் பிடித்தாள். வீடியோவைப் பார்த்து, கேள்விக்கு டிக் அடித்தால் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்துவிடும். வேலை நிற்காது என்று மேலாளருக்கும் சந்தோஷம்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: எந்தப் பொம்மையின் மேல் அழுத்திப் பழகினார்கள்? அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர்களின் அரசுப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அந்த நிறுவனத்தின் பெயரே அதில் இல்லை. சான்றிதழ்கள் செல்லாது, பழைய பயிற்சிக்கோ வருஷம் முடிந்துவிட்டது, முறையான வகுப்பு நடக்கும்வரை இவர்களைப் பொறுப்பில் காட்டக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்.

தாழ்வாரத்துச் சுவர்ப் பலகையிலிருந்து முதலுதவியாளர்களின் படங்களை எடுப்பதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். யார் மேலும் கை வைக்காதீர்கள் என்பது அதிகாரி சொன்னதில்லை. தன் பயத்தில் அவளே சேர்த்துக்கொண்டது. கணவரிடம் மட்டும் சொன்னது.

அந்த வாரமே அவளுடைய அண்ணன் விழுந்தார். அதே ஆலையில் துவைப்பு இயந்திரம் ஓட்டியவர். ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு இஸ்திரிப் பிரிவுக்குள் வந்தவர், வண்டியைப் பிடித்தபடியே சரிந்தார். மூச்சு இல்லை. முதலில் ஓடியவர் அவள் கணவர்தான். மண்டியிட்டார், கைகளைக் கோத்து மார்பின் மேல் கொண்டுபோனார், அங்கேயே நிறுத்திவிட்டார். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்கள் என்று கத்திவிட்டு, வேறொரு கட்டடத்தில் இருந்த, செல்லுபடியாகும் அட்டை வைத்திருந்த கொதிகலன் பிரிவுக்காரரைத் தேடி முற்றத்தைக் கடந்து ஓடினார். அவரை இழுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அண்ணனின் உதடு நீலமாகியிருந்தது.

உடனே அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. வாய்ப்பு இருந்திருக்கும் என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

விசாரணையில் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டார்கள். பயந்துவிட்டேன் என்றார் அவர். அவள் அதே அறையில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவளும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பட்டப்பெயர் ‘சிலை’.

அண்ணிக்குக் கிழிசல் தைக்கும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். அவர் அந்தப் பக்கம் போனால் அண்ணி தையலை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். நாத்தனாரிடம் மட்டும் பழைய பிரியம். உன் தலையெழுத்து, இப்படி ஒரு மனுஷனோட குடித்தனம் பண்ணணும்னு இருக்கு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அப்போதும் அவள் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மாதான் இருந்தாள்.

இந்த முறை பயிற்சி நிறுவனத்தைத் தேட அவள் அவசரப்படவில்லை. ஆட்கள் வரவே வேண்டாம், பெயரை அனுப்பினால் போதும் என்று ஒருவன் போனில் தேனாகப் பேசினான், பாதியில் வைத்துவிட்டாள். இன்னொருவர் தந்த பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தாள்; அது உண்மையானதுதான், ஆனால் அவர்களுக்கு இந்தப் பயிற்சிக்கு அங்கீகாரமே இல்லை. மூன்றாமவர்களின் அங்கீகாரம் நடப்பில் இருந்தது. நேரில் பொம்மை வைத்துச் சோதிப்பார்கள். சான்றிதழிலும் அவர்கள் பெயரும் எண்ணுமே இருக்கும். இதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே மேலாளரிடம் போனாள். முதலில் பெயர் கொடுத்தது அண்ணி.

வகுப்பு சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேஜைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் பொம்மைகளைக் கிடத்தியிருந்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மாள் பல வருஷம் ஆம்புலன்சில் வேலை பார்த்தவர். முழங்கால் வலி, பொம்மையை மேஜையில் வைத்துக்கொள்ளலாமா என்று பேக்கிங் பிரிவுக்காரர் கேட்டதற்கு, “விழறவன் மேஜை தேடியா விழுவான்?” என்றார். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வந்தால் அது சொல்வதைக் கேட்க வேண்டும். உதவி வந்து சேரும்வரை கையை எடுக்கக் கூடாது.

அண்ணி கை தூக்கினாள். “அட்டையில தேதி முடிஞ்சு போயிருந்தா அழுத்தக் கூடாதாம்மா?”

“யாரு சொன்னா? தேதி முடிஞ்சா கம்பெனி உங்க பேரைப் பலகையில போட முடியாது, அவ்வளவுதான். மூச்சு நின்னு கிடக்கிறவன் அட்டையா கேக்கிறான்? தெரிஞ்ச மட்டும் அழுத்துங்க. ஒண்ணும் பண்ணாம நிக்கிறதைவிட அது எவ்வளவோ மேல்.”

அண்ணி திரும்பினாள். அத்தனை மாதத்தில் முதல் முறையாக அவரிடம் பேசினாள்.

“அண்ணா, இது உங்களுக்குத் தெரியாதா?”

அவர் தன் முறைக்காகப் பொம்மையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ ‘சிலை’ என்று முணுமுணுத்தார்கள்.

“தெரிஞ்சிருக்கணும் தங்கச்சி,” என்றார்.

சுவரோரம் வருகைப் பதிவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் அந்த அம்மாள் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

அவர் அழுத்தினார். முழங்கை மடங்காமல், ஆழம் குறையாமல், தாளம் தப்பாமல். நேரம் முடிந்தது, போதும் என்றார் அம்மாள். அவர் நிறுத்தவில்லை. பொம்மைக்குள் இருந்த ஸ்பிரிங் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மாள் குனிந்து அவர் தோளைத் தொட வேண்டியிருந்தது.

“நல்லா பண்றீங்க. கைக்கு எல்லாம் நினைவிருக்கு,” என்றார். அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

ஒரு வாரத்தில் புது அட்டைகள் வந்தன. அவள் பதிவு எண்ணையும் தேதியையும் மறுபடி சரிபார்த்துவிட்டு, கணவரின் பழைய படத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பலகைக்குப் போனாள். ஊசியைக் குத்தப் போகும்போது அவர் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கோபமில்லாத பிடி.

எதிரே கண்ணாடிக்கு அப்பால் அண்ணி ஒரு விரிப்பின் ஓட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதை அப்புறம் மாட்டிக்கலாம்,” என்றார். “விசாரணை அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நான் போய்ச் சொன்னா பொண்டாட்டியைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும், அதனால வாயை மூடிக்கிட்டேன். ஊர் என்னை என்ன பேர் சொல்லி வேணா கூப்பிடட்டும். உங்க அண்ணிகிட்ட மட்டும்... அன்னைக்குக் காலையில என்கிட்ட என்ன சொன்னேன்னு, நீ உன் வாயால சொல்லிடும்மா.”