நாற்பது என்று யார் போட்டது

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் விலகல் படிவத்தைக் கொடுத்துவிட்டால், நான் அந்த மாலை வகுப்பில் சேர்ந்ததே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். பதிவில் கறை இருக்காது. அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்கலாம். கொடுக்காமல் இருந்து, கடைசியில் எழுபதுக்குக் கீழே வந்தால், என் பெயருக்கு நேராகத் 'தகுதி பெறவில்லை' என்று ஏறிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் குறிப்பை நீக்க முடியாது.

நான் பாட்டில் மூடி செய்யும் ஆலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. அடுத்த மாதம் தரச் சோதனைப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. அந்த அறையில் நாற்காலி உண்டு. எழுபது வாங்கிக் காட்டினால் அந்த இடம் உனக்குத்தான் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நான் விலகினால் அது பக்கத்து லைனில் நிற்பவருக்குப் போகும். ஆகவே படிவம் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நான் எதையும் ஆராயாமல் செய்கிறவள் இல்லை. அதுதான் என் பெருமை. அன்று மதியம் வரைக்கும்.

ஷிப்ட் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, வகுப்பின் இணையப் பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். நான்கு வரிசைகள். வாரத் தேர்வுகள், 20 சதவீதம். அசைன்மென்ட், 30 சதவீதம். இடைத்தேர்வு, 20. இறுதித்தேர்வு, 30. மேலே பெரிய எழுத்தில்: 'எதிர்பார்க்கப்படும் இறுதி மதிப்பெண் 63.5'.

கம்ப்யூட்டர் சொன்னால் போதுமா? நானும் போட்டுப் பார்க்க வேண்டாமா? நோட்டை எடுத்தேன். எட்டு வாரத் தேர்வுகள்: 7, 0, 8, 3, 7, 8, 7, 8. பூஜ்யம், அன்று ஓவர்டைம் என்பதால் போகாதது. மூன்று, போயும் பயன் இல்லாதது. கூட்டினால் எண்பதுக்கு நாற்பத்தெட்டு, அதாவது அறுபது சதவீதம். ஐந்து அசைன்மென்ட்: 80, 70, 40, 75, 75. சராசரி அறுபத்தெட்டு. இடைத்தேர்வு எழுபது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். அறுபத்தாறு.

கம்ப்யூட்டர் 63.5 என்கிறது, நோட்டு 66 என்கிறது. இரண்டு தனித்தனி சாட்சிகள், இரண்டும் எழுபதுக்குக் கீழே. இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்து, ஸ்கிரீன்ஷாட்டை வழியில் உள்ள கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான் படிப்பது தரக் கட்டுப்பாட்டுக்கான புள்ளியியல் என்பதை இங்கே எழுதத் தயக்கமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து, பதினான்கு வாரமாக, மாலையில் என் பங்குப் பாத்திரத்தையும் அவர்தான் கழுவுகிறார். அவரிடம் சொல்லாமல் விலக முடியாது.

"என்ன விஞ்ஞானி, மூஞ்சி தொங்குது?"

"கிளாஸ்ல இருந்து விலகிடலாம்னு இருக்கேன் அண்ணி."

இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரில் நின்றது. "ஏன்? வாத்தியார் திட்டினாரா?"

"இல்ல. எழுபது வராது. இதோ பாருங்க, அறுபத்து மூணரைதான்."

அண்ணி பிரின்ட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பரீட்சை மூணு வாரம் கழிச்சுன்னுதானே சொன்ன?"

"ஆமா."

"அப்புறம் எப்படி இதுல பரீட்சைக்கு நேரா நாப்பதுன்னு போட்டிருக்கு?"

"அது கணிப்பு அண்ணி. நான் இதுவரைக்கும் வாங்கினதை எல்லாம் வச்சு, நான் எவ்வளவு வாங்குவேன்னு கம்ப்யூட்டரே கணக்குப் போடும். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு." எனக்கு அந்த முறை தெரியாது. இருந்தும் அதை விரித்துச் சொன்னேன். போக்குக்கோடு என்றேன். கையால் காற்றில் கீழ்நோக்கி ஒரு கோடுகூட வரைந்து காட்டினேன்.

"ஓ, ஜோசியம்."

"ஜோசியம் இல்ல அண்ணி, புள்ளியியல்."

"எழுபது வாங்கினவளுக்கு நாப்பதுன்னு சொல்ற ஜோசியத்தை நான் இப்பதான் பாக்கறேன். சரி, படிச்சவ நீ. போ, மணி ஆகுது." சட்டையைத் திருப்பிப் போட்டார். "பாத்திரத்தை மட்டும் இனிமே நீயே பாத்துக்கோ, தாயே."

அது கேலியா கோபமா என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் யோசித்தேன். அவர் கேட்ட கேள்வியை ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

மாலை வகுப்பு அலுவலகத்தின் கவுன்டரை ஐந்து நாற்பதுக்கு அடைந்தேன். அங்கே இருப்பவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். காதில் பேனா செருகியிருப்பார், அதைத் தேடிக்கொண்டும் இருப்பார். படிவத்தையும் பிரின்ட்டையும் நீட்டினேன்.

"காரணம்?"

"எழுபது வராது மேடம். எழுதியிருக்கேன்." காரணத்துக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் தனித்தாள் இணைத்திருந்தேன்.

அவர் தாளைப் படிக்கவில்லை. பிரின்ட்டைப் பார்த்தார். தன் திரையில் என் எண்ணைத் தட்டினார். மறுபடி பிரின்ட்டைப் பார்த்தார்.

"இது உங்களோடதுதானா?"

"ஆமா மேடம்."

"எனக்கு எழுபத்து மூணு புள்ளி அஞ்சு ஏழுன்னு காட்டுது."

"இல்ல மேடம், அறுபத்து மூணரை."

"நான் இப்ப பாத்துட்டுதான் சொல்றேன்."

"நானும் தனியா கணக்குப் போட்டேன் மேடம். அறுபத்தாறு வந்துச்சு. எப்படிப் பாத்தாலும் எழுபது வரல." நோட்டைத் திறந்து காட்டினேன். நான் தோற்கவில்லை என்று ஒருவர் சொல்கிறார், நான் நோட்டைக் காட்டி அவரோடு வாதாடுகிறேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற, என்னோடு வகுப்பில் படிக்கும் பேக்கரிக்காரர், "மேடம், அவங்க இவ்வளவு ஆசையா கேக்கறாங்க, போட்டுக் குடுத்துடுங்க" என்றார்.

"சும்மா இருங்க சார்." அவர் பிரின்ட்டின் அடிப்பக்கத்தைத் தட்டினார். "இதுல கீழ பாதியைக் காணோம். போனை எடுங்க, பக்கத்தைத் திறந்து முழுசா கீழ இறக்குங்க."

இறக்கினேன். ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்பட்டுப் போயிருந்த இடத்தில், சின்ன எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி: 'நட்சத்திரக் குறி: மாணவர் தாமே உள்ளிட்ட எதிர்பார்ப்பு மதிப்பெண்.'

மேலே ஏற்றிப் பார்த்தேன். நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். இத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான தேர்வு என்பதற்கான அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

"நாப்பதுன்னு யார் போட்டது?" என்றார் அவர்.

எனக்கு நினைவு வந்தது. நினைவுக்குக்கூட வேலை இல்லை, நோட்டிலேயே இருந்தது. ஐந்து வாரத்துக்கு முந்தைய பக்கம், என் கையெழுத்து: 'இறுதித்தேர்வில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று பக்கம் கேட்டது. பேராசை கூடாது என்று நிதானமாக 40 போட்டேன்.' நிதானமாக என்பதற்கு அடிக்கோடு வேறு.

"நான்தான் மேடம்."

பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். மனிதாபிமானத்தோடு சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"நீங்க போட்ட நாப்பதை வச்சு அது உங்களுக்கு அறுபத்து மூணரைன்னு சொல்லுது. அதைப் பாத்துட்டு நீங்க எங்கிட்ட வந்து நிக்கறீங்க." அவர் பேனாவைத் தேடினார். நான் காதைக் காட்டினேன். "சரி, உங்க நோட்டுல எப்படி அறுபத்தாறு?"

இரண்டாவது வரியையும் படித்தேன். 'கோடிட்டு அடித்தவை: கணக்கில் சேராத குறைந்த மதிப்பெண்கள்.' வாரத் தேர்வுகளில் பூஜ்யமும் மூன்றும் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. அசைன்மென்ட்டில் நாற்பது. எட்டில் மிகக் குறைந்த இரண்டும், ஐந்தில் மிகக் குறைந்த ஒன்றும் விட்டுவிடப்படும் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். நான் அந்தக் கோட்டைக் கண்டனம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மோசமா எழுதினதை எல்லாம் அவங்களே மறந்துட்டாங்க. நீங்கதான் விடாம ஞாபகம் வச்சிருக்கீங்க" என்றார் கவுன்டர்காரர்.

"எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்."

"ஆறுக்குப் பூட்டிடுவேன்."

பேக்கரிக்காரருக்கு வழிவிட்டு, ஓரமாக நின்று, விலகல் படிவத்தின் பின்பக்கத்தில் போட்டேன். வாரத் தேர்வுகளில் நிற்பவை ஆறு, அறுபதுக்கு நாற்பத்தைந்து. எழுபத்தைந்து சதவீதம். அதற்கு வெயிட்டேஜ் இருபது, கிடைப்பது பதினைந்து. அசைன்மென்ட்டில் நிற்பவை நான்கு, சராசரி எழுபத்தைந்து. வெயிட்டேஜ் முப்பது, கிடைப்பது இருபத்திரண்டரை. இடைத்தேர்வு எழுபது, வெயிட்டேஜ் இருபது, கிடைப்பது பதினான்கு. மொத்தம் ஐம்பத்தொன்றரை. இதுவரை கணக்குக்கு வந்த எழுபதில் இது எழுபத்து மூன்றரைச் சதவீதத்துக்குச் சற்று மேல். அவர் திரையில் இருந்த எண் அதுதான்.

எழுபதுக்கு இன்னும் பதினெட்டரை வேண்டும். அது இறுதித்தேர்வின் முப்பதிலிருந்து வர வேண்டும். அப்படியானால் நூற்றுக்கு அறுபத்திரண்டு. அறுபத்தொன்று எடுத்தால் 69.8, போதாது. முழு எண்ணாக்கிக் கொடுப்பார்களா என்று கேட்டேன். கொடுக்க மாட்டார்கள்.

ஆக, எழுபத்து மூன்றும் வாக்குறுதி இல்லை. இடைத்தேர்வில் எழுபது எடுத்தவள் அறுபத்திரண்டு எடுப்பாளா? எடுக்கலாம். எடுக்காமலும் போகலாம். இதைச் சொல்லும் வரிசை அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. நட்சத்திரம் போட்ட இடம் மட்டும்தான் இருந்தது. இதுவரை எனக்கு எதிராகப் பேசிய இரண்டு சாட்சிகளும் நானேதான்.

ஐந்து ஐம்பத்தெட்டு. அவர் சாவியை எடுத்துவிட்டார். "என்ன பண்றீங்க? வாங்கிக்கவா?"

"வேண்டாம் மேடம். பின்னாடி கணக்குப் போட்டுட்டேன்."

"அது பரவாயில்ல. முன்பக்கம்தான் நாங்க பாக்கறது."

"இல்ல, எனக்கே வேணும்."

வெளியே படியில் நின்று அந்த நாற்பதை அழித்தேன். பக்கம் ஒரு கணம் யோசித்து, 73.57 என்று காட்டியது. அறுபத்திரண்டு என்று போட விரல் போனது. விரலை இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் அண்ணி பாத்திரத்தைத் தொடாமல், கைகட்டி நின்றிருந்தார். "குடுத்தாச்சா?"

"குடுக்கல. அந்த நாப்பது நான் போட்டது அண்ணி. நானே போட்டு மறந்துட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஜோசியரே நீதானா?" என்று கேட்டு, சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வந்ததும் அவரிடம் சொன்னார். பிறகு தன் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னார். காற்றில் நான் வரைந்த கோட்டையும் விடாமல் வரைந்து காட்டினார், போனில். எல்லாம் முடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

"மூணு வாரம். அதுக்கப்புறம் இது உன்னோடது. போய்ப் படி."

அறுபத்து நான்கு எடுத்தேன். மொத்தம் 70.7. இதை வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம், ஆனாலும் சூப்பர்வைசருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், கீழ்ப் பாதியோடு சேர்த்து. நாற்காலியில் உட்கார்ந்து மூடிகளை அளக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பாத்திரமும் கழுவுகிறேன்.

நேற்று அடுத்த நிலை வகுப்பின் பக்கம் திறந்தது. முதல் கேள்வியே, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பதுதான். கட்டத்தைக் காலியாக விட்டேன். சற்று நேரம் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று, போய்ப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.