ரிஹாபுக்கு எழுதிய வாழ்த்து

படகு மூழ்கிய பிறகு வந்த முதல் பிறந்தநாள் அது. ரிஹாபும் முன்ஸிரும் இரட்டையர்கள். இருவருக்கும் ஒரே நாள். சைப்ரஸுக்குக் கள்ளத்தனமாகப் புறப்பட்ட படகில் முன்ஸிர் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. செத்துப்போனான் என்று சொன்னால் அவன் அம்மாவுக்கு ஆகாது. உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால் ரிஹாப் எழுந்து போய்விடுவாள். கடல் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, தாயும் மகளும் அக்கார் மலையில் சித்தி வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள்.

விதாத் பள்ளிக்கூட நாளிலிருந்தே ரிஹாபின் தோழி. லெபனானின் வடகரையில், அல்மினா துறைமுகத் தெருவில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். வருஷம் தவறாமல் அவர்கள் பிறந்தநாளன்று ரோஜா ஜாம் வைத்த பாலாடைக்கட்டி இனிப்பு ஒரு பெட்டி கொண்டுபோய், “உங்க ரெண்டு பேருக்கும்” என்று நீட்டுவாள். இந்த வருஷம் மாவு கிடைக்காமல் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. இனிப்புக்கடையில் விலை கேட்டுவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லி நழுவினாள். மலைக்குப் போக வண்டிக்கூலியும் இல்லை.

கைப்பேசியில்தான் எழுத வேண்டும். முதலில், வெறும் கையோடு நிற்கிறேன், மன்னித்துவிடு என்று நீளமாக எழுதினாள். படித்துப் பார்த்தபோது கூசியது. இதைப் படித்தால் ரிஹாப்தான் ‘பரவாயில்லடி’ என்று தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அழித்தாள். ஆண்டவன் பொறுமையைக் கொடுக்கட்டும் என்று எழுதினாள். அது துக்கம் விசாரிப்பதுபோல் இருந்தது. அதையும் அழித்தாள். ஊரே அனுப்பும் ரோஜாப்பூப் படத்தை அனுப்ப மனம் வரவில்லை.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா, முன்ஸிர் பேச்சை மட்டும் எடுக்காதே, ஆறுகிற புண்ணைக் கீறாதே என்றாள்.

“பேரைச் சொல்லாட்டி அவ மறந்துருவாளாம்மா?” என்றாள் விதாத்.

அம்மா மொச்சைத் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கடைசியில், ரிஹாபைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத ஒன்றை எழுதினாள்:

‘ரிஹாப், இன்னைக்கு உன் பிறந்தநாள். முன்ஸிரோட பிறந்தநாளும்தான். ஏழாம் வகுப்புல என் செருப்பு அறுந்தப்போ உன் செருப்பைக் கழட்டிக் குடுத்துட்டு, சுடுற கல்லுல குதிச்சுக் குதிச்சு வந்தியே. வீடு வரைக்கும் அவன் உன்னைக் கேலி பண்ணான். அப்புறம் ராத்திரி உன் காலுக்கு அவன்தான் எண்ணெய் தடவுனான். அந்த மாதிரி குடுக்கத் தெரிஞ்சவ நீ. நீ பிறந்ததுல எனக்குச் சந்தோஷம். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்கு அப்புறம் கூப்பிடுறேன். நீ பேசணும்னு இல்ல. எடுத்தாப் போதும்.’

பரிசைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குரலில் சொன்னால் உடைந்துவிடுவோம் என்று எழுத்தாகவே அனுப்பினாள்.

ரிஹாப் படித்துவிட்டாள் என்று அடையாளம் வந்தது. ஏதோ எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. சாயங்காலம் ஒரு குரல்பதிவு வந்தது. வெகுநேரம் மலைக்காற்று மட்டும்தான் கேட்டது. பிறகு ரிஹாப் பேசினாள்.

“எல்லாரும் எனக்கு மட்டும் வாழ்த்து சொன்னாங்க, விதாத். அவன் பிறக்கவே இல்லாத மாதிரி. சித்தி ஒரு சால்வை வாங்கிட்டு வந்தா. என்னால தொட முடியல. ஏன்னு அவகிட்ட சொல்லல. போன பிறந்தநாளுக்கு நான் அவனுக்கு என்ன குடுத்தேன்னு உனக்குத் தெரியாதுல்ல? என் வளையலை வித்துப் படகுக்காரன்கிட்ட குடுத்தேன். அந்தப் படகுதான்டி நான் குடுத்த பரிசு.”

காற்று மறுபடி இரைந்தது.

“நீ ஒண்ணும் அனுப்பாதது நல்லதாப் போச்சு. வார்த்தை மட்டும் போதும். எடுக்குறேன், வெள்ளிக்கிழமை.”

விதாத் அதைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்ட ஒரு தடவையே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் கடையில், படகுக்குப் பணம் கட்டிவிட்டதை முன்ஸிரிடம் சொன்னபோது ரிஹாப் எவ்வளவு பெருமையாக நின்றிருப்பாள் என்று நினைத்ததும், பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் தப்பில்லை என்று எழுத விரல் போனது. எழுதவில்லை. அவளிடம் அதைச் சொல்ல ஒரு வரி போதாது. பல வெள்ளிக்கிழமைகள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை, கடலிரைச்சல் எட்டாத பின்சந்துக்குள் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள். முதல் மணியிலேயே ரிஹாப் எடுத்தாள்.

“அங்க என்ன சத்தம்? கடலா?” என்று கேட்டாள் ரிஹாப்.

“இல்லடி. ஜெனரேட்டர்.”

“இல்ல, கடல்தான்” என்றாள் ரிஹாப். “வைக்காத. இன்னும் கொஞ்ச நேரம் கேக்குறேன்.”

விதாத் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். சந்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.