மயில்மேல் நின்றவர்

காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்ததில் ஹசீனாவின் கழுத்து துருப்பிடித்த கீல் மாதிரி ஆகியிருந்தது. உத்திரமேரூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பீர் முகம்மது, நோட்டீஸுக்கான புடவைப் படத்துக்காக ஸ்டுடியோவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தராவிட்டால் வேலை வாலாஜாபாத்துக்குப் போய்விடும். போனால் உனக்குப் பாதிச் சம்பளம்தான் என்று முதலாளி ரமேஷ் சொல்லியிருந்தான்.

ஜவுளிக்கடை ஷோகேஸுக்கு வெளியே நின்று ரமேஷ் எடுத்த படம். கண்ணாடியில் எதிர்ச்சுவர் தெரிந்து புடவையை மறைத்தது.

“அஞ்சு நிமிஷ வேலைக்கு இன்னாம்மா இத்தினி நேரம்?”

“மத்த எடத்துல பக்கத்துப் பூவ எடுத்து மேல ஒட்டிட்டேன் மாமு. மயிலு மேல ஒரு ஆளு நிக்கறாரு. புடவையில கீறதே ஒரு மயிலு. வேற மயிலுக்கு எங்க போவேன்?”

அந்த இடத்தைப் பெரிதாக்கி, இடம் வலமாகத் திருப்பினாள். சுவரெழுத்து நேரானது: ‘இங்கு சிறுநீர் கழிப்பவன் கழுதை.’ எழுதி வைத்தவர் பீர் முகம்மது. அதன் கீழே லுங்கியைத் தூக்கிக்கொண்டு நின்றவரும் அவரே.

“சுகரு கீதும்மா. அடக்க முடியல.”

“திரும்ப எடுக்கணும் மாமு. கேமராவுக்குப் பின்னால கறுப்புத் துணிய விரிச்சுப் புடிச்சுக்கினு நில்லுங்க. எதிர்ல கீறது கண்ணாடியில வுழாது.”

வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார். ரமேஷ் எடுத்த படத்தில் மயில் முழுசாக வந்தது. வெளியே சொல்லாதே, மட்டன் பிரியாணி அனுப்புகிறேன் என்றார் ஹசீனாவிடம்.

நோட்டீஸ் மாகறல் வரைக்கும் போய்விட்டது. அவளுக்குத் தரவேண்டிய ஒரு பிளேட் மட்டன் பிரியாணியைப் பீர் முகம்மது இன்னும் தரவில்லை.