பதினான்கில் பதினொன்று

நகல் எடுக்கும் கடையில் அவளுக்கு அகராதி என்று பெயர் வைத்தது கடைக்காரர்தான். எந்தச் சொல்லையும் விடாமல் மொழிபெயர்ப்பாள் என்பது ஒரு காரணம். யார் என்ன சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசுவாள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அவள் மறுப்புச் சொன்னதில்லை.

அன்றைக்குப் பகல் பதினோரு மணிக்கு ஆள்சேர்ப்பு அதிகாரி கடைக்கு வந்தார். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருந்துப் பொட்டலம் கட்டும் கம்பெனிக்காரர். புதிதாக நாற்பது பேரை வேலைக்கு எடுக்கிறார்கள், அதில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது. வேலை நியமனக் கடிதத்தைத் தமிழில் செய்துகொடுக்க வேண்டும். நாலு பக்கம், பதினான்கு ஷரத்து.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்து," என்றார். "நீங்களும் வரணும். மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில வாசிச்சுக் காட்டினதா கடைசியில ஒரு உறுதிமொழி இருக்கு. அதுல உங்க கையெழுத்தும் முத்திரையும் வேணும்."

அவள் கடிதத்தைப் படித்தாள். நாலாவது ஷரத்து: மாதச் சம்பளம் இருபத்து நாலாயிரம். ஐந்தாவது: அந்த இருபத்து நாலாயிரத்துக்குள் கம்பெனி கட்ட வேண்டிய சேமநிதிப் பங்கும் வருகைப்படியும் அடக்கம், மாதத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் வருகைப்படி முழுவதும் கிடையாது. ஆறாவது: தகுதிகாண் காலம் ஆறு மாதம். ஏழாவது: வேலை நிரந்தரம் என்று கம்பெனி எழுத்தில் தரும்வரை அந்தக் காலம் தானாக நீளும். எட்டாவது வேலை நேரம். ஒன்பதாவது: தகுதிகாண் காலத்தில் கம்பெனி காரணம் சொல்லாமல் ஒரு வார முன்னறிவிப்பில் வேலையை விட்டு நீக்கலாம், தொழிலாளி விலகுவதானால் எந்தக் காலத்திலும் இரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும், தராவிட்டால் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும். பதினான்காவது: இரண்டு மொழிக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலமே செல்லும்.

அதிகாரி குரலைத் தணித்தார். "அஞ்சு, ஏழு, ஒன்பது, இதையெல்லாம் ரொம்ப விரிக்காதீங்க. 'கம்பெனி விதிகளின்படி'ன்னு ஒரு வரி போதும். சாதாரண ஜனங்க, படிச்சாப் பயந்துடுவாங்க."

"பயப்படற மாதிரி எழுதினது நான் இல்லையே சார்."

"அதான் கடைசியில ஆங்கிலம்தான் செல்லும்னு இருக்கே. தமிழ்ல என்ன இருந்தா என்ன?"

"அதனாலதான் முழுசாப் போடணும். நான் விட்டாலும் அது அவங்களைக் கட்டத்தான் போகுது. கட்டற கயிறு எவ்வளவு நீளம்னாவது தெரியட்டும்."

கடைக்காரர் இருமினார். அவளை வாய் மூடச் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அந்தக் கம்பெனி மாதாமாதம் கொடுக்கும் நகல் வேலையில்தான் கடை ஓடியது.

நாலு மணிக்குள் பதினான்கு ஷரத்தையும் முடித்தாள். எண்களை மாற்றக் கூடாது என்பது அவள் வேலை செய்யும் முறை. ஆங்கிலத்தில் ஒன்பது என்றால் தமிழிலும் ஒன்பது. கோப்பைக் கடைக் கணினியில் வைத்துவிட்டு, முத்திரையை எப்போதும்போல் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முத்திரையில் இருப்பது அவள் பெயரும் அவள் பரீட்சை எழுதி வாங்கிய பதிவு எண்ணும். கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் அக்கா சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சரிபார்க்கும் மேசையில் நிற்கிறவள். டஜன் டஜனாகத் துணி எண்ணுவாள். ஒரு துண்டு குறைந்தால் கட்டை அவிழ்க்காமலேயே சொல்லிவிடுவாள். ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். நாற்பது பேரில் அவளும் ஒருத்தி.

"இருபத்து நாலாயிரம்டி!" என்றாள். "இங்க பதினெட்டுக்கே முதுகு போயிடுச்சு. ராஜினாமா எழுதிப் பையில வச்சுட்டேன். நாளைக்குச் சாயங்கால ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கேன். அங்க கையெழுத்துப் போட்ட கையோட, அஞ்சுக்குள்ள இங்க நீட்டிடுவேன். என் இடத்துக்குத் தன் மச்சினி மகளைக் கொண்டுவர மேஸ்திரி காத்துக்கிட்டிருக்கான். குடுத்துட்டா அப்புறம் திரும்பி வர முடியாது."

"கடிதத்தைப் படிச்சுட்டு முடிவு பண்ணு."

"நீதானே தமிழ் பண்ண? அதுல என்ன இருக்குன்னு சொல்லேன்."

"சொல்லக் கூடாது."

"கூடப்பிறந்தவகிட்டயா?"

"கூடப்பிறந்தவ காசு குடுத்து அந்தக் கடிதத்தைக் கொண்டுவரல. இன்னைக்கு அது கம்பெனியோட காகிதம். இன்னைக்கு உனக்குச் சொன்னா நாளைக்கு ஒருத்தனும் என்கிட்ட ஒரு தாளை நம்பித் தரமாட்டான்."

அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அகராதின்னு அந்த ஆள் சரியாத்தான் பேர் வச்சிருக்கான்."

அகராதி சாப்பிட்டு முடித்தாள். கை கழுவி வந்து சொன்னாள்: "யாருக்கு வேணாலும் சொல்றதைத்தான் உனக்கும் சொல்றேன். எந்தக் கடிதமா இருந்தாலும் ரெண்டு மொழியில குடுத்தா, எழுத்தைப் பார்க்காத. எண்ணைப் பாரு. அதுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம்."

மறுநாள் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேரும் நீள பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஆங்கிலக் கடிதம், ஒரு தமிழ்க் கடிதம், ஒரு பேனா. கடிதங்களின் மேல் அவரவர் பெயர் அச்சடித்திருந்தது. பேனா மட்டும் திருப்பித் தர வேண்டும் என்று அதிகாரி இரண்டு முறை சொன்னார். சுவரோரம் கடைக்காரர் நகல் கட்டோடு நின்றார். அகராதி வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் மேசையிலிருந்த தமிழ்க் கடிதத்தை எடுத்தாள். அவளுடைய வாக்கியங்கள்தான். ஆனால் மூன்று பக்கம். நாலுக்குப் பிறகு ஐந்து என்று போட்டு அதில் தகுதிகாண் காலம் ஆறு மாதம் என்றிருந்தது. அதற்கடுத்த ஆறில் வேலை நேரம். ஐந்து, ஏழு, ஒன்பது மூன்றையும் எடுத்துவிட்டு, இடைவெளி தெரியாமல் எண்களை நெருக்கிப் போட்டிருந்தார்கள். கடைசியில், முழுமையான மொழிபெயர்ப்பை எனக்கு வாசித்துக் காட்டினார் என்ற உறுதிமொழியும் அவள் பெயரும். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"மேடம், ஆரம்பிச்சுடலாமா?" என்றார் அதிகாரி.

அவள் வாய் திறக்குமுன் மூன்றாவது பெஞ்சில் அக்கா எழுந்தாள். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தட்டிக்கொண்டிருந்தவள்.

"சார், இதுல பதினாலு இருக்கு. இதுல பதினொண்ணுதான் இருக்கு. மூணு துண்டு குறையுது."

"தமிழ்ல சுருக்கமா வரும்மா. ரெண்டு மூணைச் சேர்த்துப் போட்டிருப்பாங்க."

"சேர்த்தா தமிழ் நீளமால்ல இருக்கணும்? இங்க பக்கமும் ஒண்ணு குறையுதே."

பெஞ்சுகளில் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒருவர் உரக்கவே எண்ணினார். பின்னால் யாரோ, "எனக்கும் பதினொண்ணுதான்யா," என்றார். இன்னொருவர், "எல்லாருக்கும் ஒரே அளவுலதான் வெட்டியிருக்காங்க, சண்டை வேண்டாம்," என்று சொல்லக் கூடம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"இதோ மொழிபெயர்ப்பாளரே இருக்காங்க. நீங்களே சொல்லுங்க மேடம், ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல," என்றாள். "நான் பண்ணது பதினாலு. மூணை எடுத்துட்டீங்க."

"மேடம், நீங்க எங்க வேலையாத்தான் வந்திருக்கீங்க. கம்பெனி விஷயத்தை வெளியில சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார். நேத்து என் சொந்த அக்காகிட்டகூடச் சொல்லல. ஆனா நேத்து இது உங்க காகிதம். இன்னைக்கு மேல யார் பேரு இருக்குன்னு பாருங்க. நீங்க குடுத்துட்டீங்க, அவங்க கையில இருக்கு. அவங்கவங்க கடிதத்தை அவங்கவங்களுக்குப் படிச்சுக் காட்டத்தான் என்னை வரச்சொன்னீங்க." பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "யாருக்காவது முழுசாப் படிச்சுக் காட்டணுமா?"

அக்கா தன் ஆங்கிலக் கடிதத்தை நீட்டினாள். "எனக்குப் படி."

அவள் படித்தாள். ஐந்து. ஏழு. ஒன்பது. பயமுறுத்தும்படியும் படிக்கவில்லை, தடவிக்கொடுத்தும் படிக்கவில்லை. மளிகைச் சீட்டு வாசிக்கிற குரல்தான். யாரோ ஒன்பதை இன்னொரு தரம் கேட்டார்கள். இன்னொரு தரம் படித்தாள்.

"அப்போ அவங்களுக்கு ஒரு வாரம், எங்களுக்கு ரெண்டு மாசம்," என்றாள் அக்கா.

"ஆமா."

"ஆறு மாசம் கழிச்சும் எழுதித் தரலன்னா?"

"எழுதித் தர்றவரைக்கும் அந்த ஒரு வாரக் கணக்குதான்."

அக்கா அதிகாரியைப் பார்த்தாள். "சார், ஒன்பதுல ரெண்டு பக்கமும் ஒரே நாள் போடுங்க. ஏழுல ஆறு மாசத்தோட முடியும்னு போடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி மாத்த முடியாதும்மா. இஷ்டம் இருந்தா போடுங்க, இல்லன்னா கிளம்புங்க."

"கையில எவ்வளவு வரும்? அதையாவது சொல்லுங்க."

அதிகாரி கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

அக்கா இரண்டு கடிதத்தையும் மடித்துப் பையில் போட்டாள். பேனாவை மேசையில் வைத்தாள். "பேனா எண்ணிக்கை சரியா இருக்கு, பார்த்துக்கோங்க."

எல்லோரும் எழுந்து போய்விடவில்லை. இருபத்திரண்டு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். வேலை இல்லாதவனுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு பெரிய பூச்சாண்டி இல்லை. ஆனால் அவர்களும் பேனாவைத் தொடவில்லை. பதினாலும் இருக்கும் தமிழ்க் கடிதம் வரட்டும் என்றார்கள். அதிகாரி கடைக்காரரைக் கடைக்கு விரட்டினார். முழுக் கடிதத்தின் நகல்கள் வந்தபின் ஒவ்வொருவருக்கும் அகராதி வாசித்துக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். முடியும்போது மணி மூன்று. தொண்டை கட்டிவிட்டது.

வாசலில் கடைக்காரர் நின்றார். "அஞ்சு வருஷமா வந்துக்கிட்டிருந்த வேலை. ஒரே நாள்ல வாயால கெடுத்துட்ட. நாளையிலேர்ந்து கடைக்கு வராத."

"எத்தனை நாள் முன்னறிவிப்பு அண்ணே?"

"என்ன?"

"ஆறு வருஷம் வேலை பார்த்தேன். நீங்க எனக்கு ஒரு கடிதமும் குடுத்ததில்ல. அதனால நானும் இப்பவே போகலாம்."

கைப்பையைத் திறந்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கடைப் பலகையில் 'சான்றளித்த மொழிபெயர்ப்பு' என்று சிவப்பில் எழுதியிருப்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இரு, இரு," என்றார். "கோபத்துல ஒரு வார்த்தை வர்றதுதான். நாளைக்கு வா, பேசிக்கலாம்."

"எழுதிக் குடுங்க. சம்பளம், நாள், ரெண்டு பக்கமும் ஒரே முன்னறிவிப்பு. படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

சாலைக்கு அந்தப் பக்கம் அக்கா காத்திருந்தாள். பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்து, எண்ணிப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"மேஸ்திரி மூஞ்சியப் பார்க்கணும்டி," என்றாள். "வா, வேலைக்கு நேரமாச்சு."